படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

ஆண்டு முகாமுக்காகப் பள்ளி அனுப்பிய கடிதத்தின் கீழ்ப்பகுதி, நாம் டிக் போட்டுக் கையெழுத்திட்டுக் கிழித்துத் திருப்பி அனுப்ப வேண்டிய அந்த ஸ்லிப், பெரும்பாலும் வந்து சேர்ந்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் அவற்றை வகுப்புவாரியாக அடுக்கி முகாம் பொறுப்பாசிரியரிடம் கொடுக்கும் வேலை என்னுடையது. அடுக்கி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்லிப்பில் முதல் கட்டத்தில் தொடங்கிய டிக் கடைசிக் கட்டம் வரை ஒரே கோடாக இறங்கியிருக்கிறது. பேனாவை ஒருமுறைகூட எடுக்கவில்லை. இன்னொன்றில் ‘ரத்த வகை’ என்ற இடத்தில் ‘நார்மல்’ என்று எழுதியிருக்கிறது. வேறொன்றில் அப்பாவின் கையெழுத்து, மேலே உள்ள பிள்ளையின் பெயருக்கு அப்படியே அச்சாகப் பொருந்துகிறது. அதே பேனா, அதே சாய்வு, ‘ர’வுக்கு அதே வால். ‘ஒவ்வாமை உண்டா’, ‘தினமும் சாப்பிடும் மருந்து உண்டா’ என்ற கேள்விகளுக்கு ஏறக்குறைய எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறோம். அதில் சில வீட்டுப் பிள்ளைகள் நெபுலைசர் வைத்துக்கொண்டது எனக்கே தெரியும், ஒரே கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரின் நோட்டில் போடுவது போல இதிலும் போட்டு அனுப்பிவிட்டோம். மூன்று நாள், இரண்டு ராத்திரி நம் பிள்ளையைப் பற்றி அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கப்போவது அந்தக் காகிதத்தில் இருப்பது மட்டுமே. அதில் ‘நார்மல்’ என்று இருந்தால், அவர்களுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

முதலில் மேல்பகுதி, அதாவது கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியல். கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. நம் ஓசூரில் ஒரு வகுப்பில் தெலுங்கு வீடு, கன்னட வீடு, தமிழ் வீடு, வேலைக்காக வந்து தங்கிவிட்ட இந்தி வீடு, ஒடியா வீடு எல்லாமே இருக்கும். பல வீடுகளில் அந்தக் கடிதத்தைப் படித்துச் சொன்னது பிள்ளைதான். பிள்ளை சொன்ன பட்டியலில் ‘மொபைல் கூடாது’ என்ற வரி காணாமல் போய், ‘பவர் பேங்க்’ சேர்ந்துவிட்டது. ‘வெளித் தின்பண்டம் கூடாது’ என்ற வரி மறைந்து, ‘எல்லாரும் ஸ்நாக்ஸ் கொண்டுவரணும்’ ஆகிவிட்டது. பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாருடைய கடிதமோ அவர்கள் படித்திருக்க வேண்டும். ஆங்கிலம் வராவிட்டால் பக்கத்து வீட்டில் காட்டிக் கேளுங்கள், வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போடுங்கள். அடுத்த முறை தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சடிக்கச் சொல்லிப் பள்ளியிடம் கழகம் சார்பில் கேட்டிருக்கிறோம். அதுவரைக்கும் படிக்கத் தெரியாது என்பது படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்குக் காரணம் ஆகாது.

பட்டியலைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. ‘கொசுவலை எதற்கு, டிசம்பர் குளிரில் கொசு ஏது’ என்று வாட்சப் குழுவில் ஒருவர் கேட்டார், பத்துப் பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். முகாம் நடப்பது தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம். காடும் கேழ்வரகு வயலும் ஒட்டிக் கிடக்கும் இடம். பிள்ளைகள் தரையில் படுக்கப்போகிறார்கள். தரையில் படுத்துத் தூங்குபவர்களை ராத்திரியில் கடிக்கும் பாம்பு கட்டுவிரியன். அதன் கடியில் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் பட்ட இடம்கூடச் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை ‘வயிறு வலிக்குது’ என்று எழுந்திருக்கும், நேற்று ராத்திரி சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் நினைப்பார்கள். பிறகு இமை தொங்கும், விழுங்க முடியாமல் போகும், அதற்கப்புறம் மூச்சு. படுக்கைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகிய கொசுவலை, கொசுவோடு சேர்த்து இதையும் தடுக்கிறது. பட்டியலில் அது இருப்பதற்கு அதுதான் காரணம். கண்ணைச் செருகிக்கொண்டு வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையை, கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பொறுப்பாசிரியருக்கும் சொல்லியிருக்கிறோம். கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது.

டார்ச் கேட்டிருப்பதும் இதனால்தான். ராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது காலடியைப் பார்த்துப் போக வேண்டும். ‘ஷூ, புதியது வேண்டாம்’ என்ற வரியைப் படிக்காமல், முகாமுக்கென்றே பாகலூர் ரோட்டில் புது ஷூ வாங்கித் தந்திருக்கிறோம். புது ஷூ முதல் நாள் மதியத்துக்குள் குதிகாலில் கொப்புளம் கிளப்பிவிடும், மீதி இரண்டு நாளும் பிள்ளை செருப்போடு புல்வெளியில் நடக்கும். அப்படியானால் ஷூ கேட்டதன் நோக்கமே போயிற்று. புதுசுதான் வேண்டும் என்றால் இன்றைக்கே போட்டுவிட்டு, பள்ளிக்குப் போய்வரச் சொல்லிப் பழக்குங்கள்.

ஸ்வெட்டரும் கம்பளியும் ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் வீட்டாருக்குச் சொல்கிறேன்: நம் மேட்டுநிலத்தில் டிசம்பர் விடியற்காலை உங்கள் ஊர் விடியற்காலை மாதிரி இருக்காது. மெல்லிய பெட்ஷீட் ஒன்றைக் ‘கம்பளி’ என்று டிக் போட்டு அனுப்பாதீர்கள்.

‘தின்பண்டம் கூடாது’ என்பதை நாம் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டோம், அதனால் ஒளித்து அனுப்பத் தோன்றுகிறது. அந்தப் பக்கம் ராகி விளையும் பருவத்தில் யானைகள் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று இறங்கி வருவது வருஷா வருஷம் நாம் செய்தியில் பார்ப்பதுதான். பழமும் வெல்ல உருண்டையும் பைக்குள் வைத்துத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் தூங்கக் கூடாது. யானை வராவிட்டாலும் குரங்கு வரும், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஒரே ஒரு முறுக்குப் பொட்டலம்தானே என்று நினைக்கும் வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், நாற்பது பிள்ளைக்கு நாற்பது பொட்டலம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பையை நீங்கள் அடுக்காதீர்கள். பட்டியலைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒவ்வொன்றையும் அதுவே எடுத்து வைத்து அதுவே டிக் போடட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள். அம்மா அடுக்கிய பைக்குள் டார்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டில் பிள்ளைக்குத் தெரியாது. கடைசி நாளில் ‘யாருடையது’ என்று ஒரு குவியல் துணி சேரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நம் பாட்டிமார் ஒரு தம்ளரைக்கூடப் பேர் வெட்டாமல் வீட்டைவிட்டு வெளியே அனுப்பியதில்லை. நாம் ஆயிரம் ரூபாய் ஸ்வெட்டரில் ஒரு மார்க்கர் பேனாவால் பெயர் எழுதச் சோம்பல் படுகிறோம்.

இப்போது ஸ்லிப்புக்கு வருகிறேன். என் கோபம் முழுக்க இதில்தான்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். வயது 11, எடை 32 கிலோ. குளிர்காலத்தில் வீசிங் வரும். வீட்டில் நீல நிற இன்ஹேலர் இருக்கிறது. வீசிங் வந்து இப்போது நாலைந்து மாதம் ஆகிவிட்டது. ‘ஆஸ்துமா உண்டா’ என்ற கேள்விக்கு அவன் அப்பா ‘இல்லை’ என்று எழுதுகிறார். பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றவில்லை. டாக்டர் ஆஸ்துமா என்ற சொல்லைச் சொல்லவே இல்லை, வீசிங் என்றுதான் சொன்னார். ஆஸ்துமா என்று எழுதினால் பையனை முகாமுக்கு அனுப்ப மாட்டார்களோ என்ற பயமும் உண்டு. முகாமில் என்ன இருக்கிறது? விடியற்காலைக் குளிர் இருக்கிறது, வைக்கோல் தூசி இருக்கிறது, ராத்திரியில் கேம்ப் ஃபயர் புகை இருக்கிறது. அவனுக்கு ஆகாத மூன்றும் ஒரே இடத்தில். இரண்டாம் ராத்திரி இழுப்பு தொடங்குகிறது. இன்ஹேலர் ஓசூரில் பீரோவில் இருக்கிறது. ஆசிரியருக்கு அவனுக்கு இப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாது, ஓடி விளையாடிய களைப்பு என்று படுக்கச் சொல்கிறார்.

அதே ஸ்லிப்பை ஒழுங்காக நிரப்பினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ‘குளிரிலும் புகையிலும் வீசிங் வரும். நீல இன்ஹேலர் பையனின் இடுப்புப் பையில் இருக்கிறது. இன்னொன்று ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறோம். ஸ்பேசரோடு எடுக்க அவனுக்குத் தெரியும். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவு இணைப்பில். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, மருந்து எடுத்தும் அடங்காவிட்டாலோ, எங்களைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும். கேம்ப் ஃபயரில் புகை வராத பக்கம் உட்கார வைக்கவும்.’ அவ்வளவுதான். இதை எழுத ஐந்து நிமிஷம் ஆகாது. இதைப் படித்த எந்த ஆசிரியரும் பையனைத் திருப்பி அனுப்ப மாட்டார், நெருப்பிலிருந்து தள்ளி உட்காரவைப்பார். இன்ஹேலரை ஆசிரியரின் அலமாரியில் மட்டும் வைத்துப் பூட்டக் கூடாது, இழுப்பு வந்தவனின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அனுப்பும் முன் குலுக்கி அழுத்திப் பாருங்கள், எண் காட்டும் வகை என்றால் மீதி எத்தனை என்று பாருங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். காலியான டப்பாவைப் பையில் வைத்து அனுப்பிப் பயனில்லை.

எடை என்ற கட்டத்தைப் பலர் காலியாக விட்டிருக்கிறீர்கள். ‘இதெல்லாம் எதுக்கு’ என்று நினைத்திருப்பீர்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நம் 32 கிலோ பையனுக்கு 320 முதல் 480 வரை வருகிறது. அதே வகுப்பில் 22 கிலோ பெண் குழந்தையும் இருக்கிறாள், அவளுக்கு 220 முதல் 330. முதலுதவிப் பெட்டியில் இருப்பதோ 500 மில்லிகிராம் மாத்திரை. எடை எழுதாத ஸ்லிப்பை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பி.டி. சார் இதை எப்படிக் கணக்குப் போடுவார்? வயதைக் கேட்டு, ஆளைப் பார்த்து, ஒரு முழு மாத்திரையை உடைக்காமல் கொடுத்துவிடுவார்.

டி.டி. ஊசி போட்ட தேதியைக் கேட்டிருப்பதற்கும் இதே மாதிரிக் காரணம் உண்டு. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. உண்டு. முகாமில் துருப்பிடித்த கம்பி கிழித்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பள்ளியில் போட்டார்களா, எப்போது போட்டார்கள் என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், அட்டையை எடுத்துப் பாருங்கள்.

இனி சொல்லப்போவது யாருக்கும் சொல்லப் பிடிக்காதது. படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கத்தை யாருமே எழுதவில்லை. ஏழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அது இருக்கும், பெரிய பிள்ளைகளிலும் சிலருக்கு உண்டு. அது தூக்கத்தில் தன்னையறியாமல் நேர்வது, சோம்பலும் அல்ல, வேண்டுமென்று செய்வதும் அல்ல. நாம் மறைத்து அனுப்புகிறோம். பிள்ளை பயத்தில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கிறது, அல்லது விடியற்காலையில் நாற்பது பேருக்கு நடுவில் நனைந்த விரிப்போடு எழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பள்ளி வாழ்க்கை எப்படிப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்லிப்பில் எழுத வெட்கமாக இருந்தால் உறையில் வைத்து ஒட்டி, ‘பொறுப்பாசிரியர் மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் கழிப்பறைப் பக்கத்து ஓரத்தில் இடம் கொடுப்பார், ராத்திரி பத்தரைக்கு யாருக்கும் தெரியாமல் தட்டி எழுப்புவார். நீங்கள் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் கூடுதலாக ஒரு ஜோடி உடையும் வைத்தனுப்பினால் போதும். பெண் குழந்தைகளுக்கு முகாம் நாட்களில் மாதவிடாய் வரக்கூடும் என்றால் அதையும் இப்படியே பெண் ஆசிரியருக்குச் சொல்லுங்கள். நாப்கினைப் பட்டியலில் பள்ளி எழுதாவிட்டாலும் நீங்கள் பையில் வையுங்கள்.

அடுத்தது, அவசர எண். எல்லா ஸ்லிப்பிலும் அப்பாவின் செல்போன் எண் இருக்கிறது. அழகாக இருக்கிறது. அந்த அப்பாக்களில் பாதிப் பேர் சிப்காட்டில் வேலை செய்பவர்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போகிறீர்கள், பல கம்பெனிகளில் அதுதான் சட்டம். மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்து பார்க்கும்போது பள்ளியிலிருந்து பதினைந்து மிஸ்டு கால் இருக்கும். அந்த எண்ணுக்குப் பெயர் ‘அவசர எண்’. நைட் ஷிப்ட் அப்பாவோ பகலில் போனை சைலண்டில் போட்டுத் தூங்குகிறார். கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போகும் அம்மாக்களுக்கும் இதே கதைதான். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்த டிராபிக்கில் எப்போது திரும்பி வந்து சேர்வார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

செய்ய வேண்டியது இது. உங்கள் எண்ணோடு கம்பெனி டைம் ஆபீஸ் அல்லது கேட் செக்யூரிட்டியின் எண்ணையும், உங்கள் டோக்கன் நம்பர், டிபார்ட்மெண்ட் பெயரையும் எழுதுங்கள். ‘குழந்தைக்கு உடம்பு சரியில்லை’ என்று கேட்டுக்குச் சொன்னால் லைனிலிருந்து ஆளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். முகாம் நாட்களில் உங்களுக்கு எந்த ஷிப்ட் என்பதையும் எழுதுங்கள். பிறகு ஷிப்டே இல்லாத ஒருவர், தாத்தாவோ சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ, ஓசூரிலேயே இருப்பவராக ஒருவர் எண். அவரிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள். பள்ளியிலிருந்து போன் வந்தால் என்ன முடிவு எடுக்கலாம் என்று அவருக்குச் சொல்லி வையுங்கள்.

‘இவ்வளவு பயப்படணுமா’ என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 2006 டிசம்பரில் பெங்களூரில் ஒரு பள்ளி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர்களோடு வட இந்தியச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனது. வழியில் ஒரு மாணவிக்குக் காய்ச்சல் வந்தது. அது மூளையைத் தாக்கும் வைரஸ் காய்ச்சல். நேரத்தோடு கவனித்துச் சிகிச்சை கொடுக்காததால் அந்தப் பெண் படுத்த படுக்கையானாள், நினைவாற்றலையும் இழந்தாள். கர்நாடக மாநில நுகர்வோர் ஆணையம், கூடப் போன ஆசிரியர்களின் அலட்சியம்தான் காரணம் என்று சொல்லி, பள்ளி 88.73 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. தேசிய ஆணையம் அதை 50 லட்சமாகக் குறைத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் 88.73 லட்சத்தையே திரும்ப உறுதி செய்தது.

இந்த வழக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. நம் ஸ்லிப்பின் கடைசி வரியில் ‘எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருக்கிறார்களே, அதற்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டதால் ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை உண்டு. பள்ளி கேட்டால் ஏன் அடித்தீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டாவது, அந்தப் பெண்ணுக்கு எத்தனை லட்சம் வந்தாலும் போன வருஷங்கள் வரவில்லை. ஒரு காய்ச்சலைக் கடைசி நாள் வரை இழுக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்றால், ஆசிரியருக்கு ஒரு அனுமதி வரியும் போனை எடுக்கும் ஒரு பெற்றோரும் வேண்டும். ‘102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், விடாத வாந்தி, கழுத்து வலியோடு தலைவலி, குழப்பமான பேச்சு, இதில் எது வந்தாலும் எங்களுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும்’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.

கடைசியாகச் சொல்லப்போவது நம் மாவட்டத்தில் நடந்தது. 2024 ஆகஸ்டில் பர்கூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று ஒன்று நடந்தது. பெண் பிள்ளைகள் பள்ளி அரங்கத்திலேயே ராத்திரி தங்கினார்கள். முகாம் நடத்தியவனுக்கும் என்.சி.சி.க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று என்.சி.சி. பிறகு அறிவித்தது. அங்கே 13 வயதுப் பெண் குழந்தை ஒன்று பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பள்ளித் தாளாளரும் முதல்வரும் உள்படப் பலர் கைதானார்கள். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. குற்றம் செய்தவனும் மறைத்தவர்களும்தான் அதற்குப் பொறுப்பு. ஒரு பெற்றோரின் மேலும் நான் விரல் நீட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் நம் மாவட்டத்தில் ஒரு பெற்றோர் முகாம் கடிதத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்றால், அவர்மேல் விரல் நீட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். முகாமை நடத்துவது பள்ளியா, வெளி ஆளா? வெளி ஆள் என்றால் யார் அவர், அவரைப் பள்ளி எப்படிச் சரிபார்த்தது? என்.சி.சி. என்று சொன்னால், பிள்ளை முறைப்படி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், சேர்க்கைப் படிவத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும், பள்ளியில் அதற்கென்று பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார், பள்ளி எந்த பட்டாலியனின் கீழ் வருகிறது என்று சொல்ல முடியும். இவை இல்லாமல் காக்கி உடையும் பூட்ஸும் மட்டும் இருந்தால் அது என்.சி.சி. ஆகாது. பெண் பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், அந்த அறையிலேயே எந்தப் பெண் ஆசிரியர் தூங்குகிறார், கதவு உள்ளே தாழ் போடுமா, கழிப்பறை எவ்வளவு தூரம், ராத்திரி ஆண்கள் அந்தப் பக்கம் வர முடியுமா? எந்த நேரத்தில் பிள்ளை வீட்டுக்குப் போன் பேசலாம்? இவற்றை ஸ்லிப்பின் பின்பக்கத்தில் எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நல்ல பள்ளி இதற்குக் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால் அந்தக் கோபமே உங்களுக்குப் பதில்.

முகாமுக்கு முந்தின ராத்திரி பிள்ளையை உட்கார வைத்து ஒரு பேச்சும் பேசுங்கள். யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் கத்தலாம், ஓடலாம், எவ்வளவு பெரிய ஆள் ‘சொல்லாதே’ என்று சொன்னாலும் வீட்டில் சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் எண்ணையும் 1098-ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். இப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டம். பள்ளிக்கூடம் ‘நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்’ என்று சொல்ல முடியாது.

ஸ்லிப்புகளை வகுப்பாசிரியர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளை உங்கள் பிள்ளைகள் கையில் அவை வீட்டுக்கு வரும். சிவப்பு மையால் வட்டம் போட்ட கட்டங்கள் எல்லாம் நீங்கள் நிரப்பாதவை. எடையைத் தராசில் பார்த்து எழுதுங்கள், ரத்த வகையைச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள், எதுவும் தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள், ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு டிக்கும் தனித்தனியாக இருக்கட்டும். கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்து சேராத ஸ்லிப்புக்கு உரிய பிள்ளையை பஸ்ஸில் ஏற்ற வேண்டாம் என்று கழகக் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். பிள்ளை அழும், வீட்டில் சண்டை வரும், என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள், பரவாயில்லை, ஸ்லிப்பை நிரப்பிவிட்டுத் திட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போல ஒரு பிள்ளையை அந்த பஸ்ஸில் ஏற்றப்போகிற ஒரு தாய்